அவுட்லைனில் இல்லாத வரி வந்து நின்றால்

கேள்வி: 30 அத்தியாயத்துக்கு அவுட்லைன் போட்டு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 12ஆம் அத்தியாயத்தில் கல்பனா, அம்மாவின் சங்கிலியைத் திருப்ப அடகுக்கடைக்குப் போகிறாள். திருப்பிக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான் திட்டம். எழுதும்போது கடைக்காரர், "இதைப் போன ஆவணியிலேயே உங்க தம்பி திருப்பிட்டுப் போயிட்டாரேம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கடைசியில் அவள் வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது இந்த வரியின் பின்னால் போவதா, அழித்துவிட்டுத் திட்டத்துக்கே திரும்புவதா? எதை வைத்து முடிவு செய்வது? (அவுட்லைனையும் முதல் 12 அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன்.)

பதில்:

உங்கள் விஷயத்தில் போகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எழுதிய அன்று வந்த அந்தத் தூக்கிவாரிப்போட்டதை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். அது எல்லாத் திருப்பத்துக்கும் வரும், மட்டமான திருப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். இந்த வரி உங்கள் நாவலில் தொலைவில் இருக்கும் எந்தக் காட்சியைத் தொடுகிறது, தொட்டு அதை என்ன செய்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் அவுட்லைனை எடுத்து, அதில் எது உண்மையிலேயே கதையைத் தாங்குகிறது என்று குறியுங்கள். 30 அத்தியாயம் என்று எழுதியிருந்தாலும் முப்பதும் ஒரே எடை இல்லை. நீங்கள் அனுப்பியதைப் படித்த வரையில் நகர்த்தவே முடியாத இடங்கள் மூன்று. 14இல் தங்கையின் கல்யாணம், 20இல் வீட்டை விற்பது பற்றி அக்காவுக்கும் தம்பிக்கும் வரும் சண்டை, 28இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் போடும் கையெழுத்து. மற்றதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நீங்கள் போட்ட வழி. வழி மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்பனா பஸ்ஸில் போவதற்குப் பதில் அத்தை வீட்டில் ஒரு இரவு தங்கிவிட்டாள் என்றால் அதற்கெல்லாம் உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம், எழுதிவிட்டுப் போங்கள். அவுட்லைன் போட்டு எழுதுகிறவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எல்லா மாற்றத்துக்கும் ஒரே மாதிரி பயப்படுகிறார்கள். இல்லையென்றால், ஒருமுறை மீறியாகிவிட்டதே என்று எல்லாவற்றையும் காற்றில் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வரி தாங்கும் இடங்கள் மூன்றையும் தொடுகிறது. அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எழுதிய 11 அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் மறுபடி படியுங்கள். திருத்துவதற்கு அல்ல, இந்த வரி அங்கே ஏற்கெனவே பாதி உண்மையாக இருக்கிறதா என்று தேடுவதற்கு. நான் தேடினேன், கிடைத்தது. 5ஆம் அத்தியாயத்தில் அம்மா, "வட்டியெல்லாம் அவன்தான் போய்க் கட்டிட்டு வரான்" என்று போகிற போக்கில் சொல்கிறாள். 9இல் தம்பி, சங்கிலிப் பேச்சு வந்ததும் எழுந்து மோட்டார் போடப் போய்விடுகிறான். இரண்டையும் நீங்கள் எதற்காகவோ எழுதியிருக்கிறீர்கள். 5இல் இருப்பது தம்பியின் பொறுப்பைக் காட்ட, 9இல் இருப்பது வெறும் அசைவு. ஆனால் கடைக்காரர் சொன்ன பிறகு இரண்டுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல். இப்படி இரண்டு இடமாவது பின்னால் கிடைத்தால் அந்தத் திருப்பம் உங்கள் கதைக்குள் இருந்து வந்தது என்று நம்பலாம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, இனிமேல் போய் நட்டுவைக்க வேண்டும் என்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. திருப்பம் வந்த அன்று நீங்கள் அடுத்ததாக எழுத வேண்டியிருந்தது என்ன? கஷ்டமான காட்சி ஏதாவது காத்திருந்தால், அதிலிருந்து தப்பிக்க மனசு ஒரு கதவைத் திறந்துவிடும். இருவர் உட்கார்ந்து பேசியே தீர வேண்டிய இடத்தில் திடீரென்று ஒருவருக்கு விபத்து, ஊரிலிருந்து ஒரு பழைய சிநேகிதி, நடு இரவில் ஒரு போன். பிரதிகளைப் படிக்கும்போது இதை நிறையப் பார்க்கிறேன். பொதுவாகச் சொன்னால், புது ஆளாகவோ வெளியிலிருந்து வரும் சம்பவமாகவோ வருகிற ஆச்சரியம் பெரும்பாலும் தப்பித்தல்தான். ஏற்கெனவே கதைக்குள் இருக்கிற ஒருவர் நீங்கள் எதிர்பார்க்காததைச் செய்திருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். உங்களுடையது இரண்டாவது வகை. பேசுவது கடைக்காரர் என்றாலும் செய்தது தம்பி. அதுவும் அடுத்து வருவது கல்யாண அத்தியாயங்கள், நீங்கள் ஆசையாகக் காத்திருந்த பகுதி. ஓடி ஒளிய உங்களுக்குக் காரணம் இல்லை.

இங்கே டால்ஸ்டாயிடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வு எப்படி வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 'அன்னா கரீனினா' படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம், கதை தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பின் அன்னா சாகக் கிடக்கிறாள், கணவன் கரீனின் அவளை மன்னிக்கிறான், அந்த அறையில் காதலன் விரோன்ஸ்கி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கரீனினே வந்து அந்தக் கையை விலக்குகிறான். விரோன்ஸ்கி வீட்டுக்குப் போகிறான். அவன் அதற்கப்புறம் தன் நிலையை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்ற அத்தியாயம் டால்ஸ்டாய் முன்பே எழுதி வைத்திருந்தது. அதைத் திருத்த உட்கார்ந்தபோது, தான் சற்றும் எதிர்பாராமல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், விரோன்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொண்டுவிட்டான் என்று 1876 ஏப்ரலில் நண்பர் ஸ்த்ராகவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதைவிட முக்கியம் அதற்கு அடுத்து அவர் சொல்வது. பின்னால் வரப்போகிறதற்கு அது கட்டாயம் தேவை என்பது இப்போது தெரிகிறது என்கிறார். காட்சி நன்றாக வந்தது என்பதை அவர் காரணமாகச் சொல்லவில்லை பாருங்கள்.

பின்னால் வருவது என்ன? அந்தக் குண்டு இதயத்தில் படவில்லை, அவன் பிழைத்துக்கொள்கிறான். சுட்டுக்கொண்டதால் கரீனின் முன்னால் பட்ட அவமானம் கழுவப்பட்டுவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது, தலை நிமிர்ந்து நடமாட முடிகிறது. தாஷ்கண்டுக்குக் கிடைத்த வேலையை உதறுகிறான், அன்னாவும் அவனும் விவாகரத்துகூட வாங்காமல் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். நாலாம் பாகம் அங்கே முடிகிறது. அந்தக் குண்டு இல்லாவிட்டாலும் அவர்கள் கிளம்பியிருக்கலாம், ஆனால் மன்னிக்கப்பட்ட ஒருவன் எந்த முகத்தோடு அதே ஆளின் மனைவியை அழைத்துக்கொண்டு போனான் என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும். நாவலின் முடிவு மட்டும் அசையவில்லை. 1872இல் டால்ஸ்டாயின் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில், அன்னா என்றே பெயருள்ள ஒரு பெண் ரயிலுக்கு அடியில் விழுந்து இறந்தாள், அந்த உடலை அவர் போய்ப் பார்த்தார். நாவலின் அன்னா எங்கே போய்ச் சேர்வாள் என்பதற்குப் பின்னால் அது இருக்கிறது. நடுவில் இவ்வளவு பெரிய திருப்பம் வந்தும் கடைசி இடம் அதேதான், அங்கே போய்ச் சேர்வதற்கான காரணங்கள்தான் கூடின. இன்னொன்று, நாவல் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது, ஆரம்பப் பாகங்கள் 1875இலேயே அச்சாகிவிட்டன. பின்னால் போய் எதையும் நட்டுவைக்கும் வசதி அவருக்கு இல்லை. அச்சானது எதுவும் தடுக்காத ஒரு திருப்பமாக அது இருந்தது.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். இந்த மாதிரி வரி வந்தால் நான் முதலில் பார்ப்பது நடைமுறை. அந்த வரி நடக்க முடியுமா? உங்கள் 12ஆம் அத்தியாயத்திலேயே கல்பனா கைப்பையிலிருந்து ரசீதை எடுத்துக் கவுண்டரில் வைக்கிறாள், மடிப்பில் கிழிந்துபோய் அம்மா செலோடேப் ஒட்டிய ரசீது. நல்ல விவரம், ஆனால் அதுதான் மாட்டிவிடுகிறது. ரசீதைக் கொடுத்து, அசலும் வட்டியும் கட்டித்தான் நகையைத் திருப்ப முடியும். ரசீது கல்பனா கையில் இருக்கிறது என்றால் தம்பி எதைக் கொடுத்துத் திருப்பினான்?

இந்த ஓட்டையைப் பார்த்ததும் பலர் வரியை அழித்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். அடகு வைத்த நகைக்குக் கெடு வரும்போது வட்டியைக் கட்டிவிட்டு மறுபடி அதே கடையில் வைப்பது வழக்கம்தானே, அப்போது புது ரசீது போடுவார்கள். தம்பி அப்படி ஒருமுறை புதுப்பித்திருந்தால் புது ரசீது அவனிடம். அம்மாவின் பீரோவில் இருப்பது பழையது, அதற்கு இப்போது காகித மதிப்புகூட இல்லை. அம்மாவுக்கு எழுத்து வாசிப்பு குறைவு என்று 2ஆம் அத்தியாயத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு விளக்கம், அதுவும் உங்கள் 5ஆம் அத்தியாய வரியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் இதைத்தான் அளவாக வைத்துக்கொள்கிறேன். ஒரு விளக்கம் போதும் என்றால் திருப்பம் நிற்கும். ரசீது தொலைந்துவிட்டதாகத் தம்பி எழுதிக் கொடுத்தான், கடைக்காரர் அவனுக்குத் தெரிந்தவர், அன்று கடையில் கூட்டம் என்று மூன்று விளக்கம் அடுக்க வேண்டியிருந்தால் அந்த வரிக்கு உங்கள் கதையில் இடமில்லை.

இந்த ஒரு விளக்கத்தோடு இன்னொன்றும் தீர்மானமாகிறது, கவனித்தீர்களா? அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகளிடம் ரசீதைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கவே மாட்டாள், ஏதாவது சொல்லித் தடுத்திருப்பாள். ஆக, கடைப் படியில் இறங்கும்போது உண்மை தெரிந்தவர்கள் தம்பியும் கல்பனாவும் மட்டும். அம்மா வீட்டு வாசலில் காத்திருக்கிறாள். இதை நீங்கள் திட்டமிடவில்லை, ஆனால் 13ஆம் அத்தியாயம் இப்போது தானாக எழுதிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது.

இனிமேல்தான் உண்மையான தேர்வு. எல்லோரும் செய்வது, சூட்டோடு சூடாக 13, 14 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவது. ஐம்பது அறுபது பக்கம் போன பிறகு 20இல் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, இந்தத் திருப்பம் தொடுகிற மிகத் தொலைவான தாங்கும் காட்சியை முதலில் எழுதுங்கள். உங்களுக்கு அது 28, கையெழுத்து. பிறகு 20, சண்டை. நடுவில் இருப்பதையெல்லாம் நடந்ததாக வைத்துக்கொண்டு, மெருகு எதுவும் வேண்டாம், பேச்சும் அசைவும் மட்டும். பின்னால் போய்த் திருத்தவும் கூடாது. "5இல் வட்டி வரி இன்னும் கொஞ்சம் அழுத்தம்" என்பது போலத் தனியே குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

28ஐ எழுதும்போது என்ன நடக்கும் என்று நான் ஓரளவு யூகிக்கிறேன். உங்கள் பழைய திட்டத்தில் கல்பனா கையெழுத்துப் போடுவது பெருந்தன்மை. அக்கா அல்லவா, விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு அந்த முடிவு அவுட்லைனில் படிக்கும்போதே கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, இதற்கு முன்னால் சொல்லாததற்குக் காரணம் நீங்கள் கேட்கவில்லை என்பதுதான். இப்போது, சங்கிலி எங்கே போயிற்று என்று தெரிந்தவள் கையெழுத்துப் போடுகிறாள். பங்கு கேட்டால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சங்கிலிப் பேச்சு வரும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் போடுகிறாள். தம்பிக்கும் அவள் ஏன் போடுகிறாள் என்று தெரியும், பத்திரம் எழுதுபவர் முன்னால் அவனால் எதுவும் சொல்ல முடியாது. செயல் அதேதான், கையெழுத்து அதே இடத்தில்தான் விழுகிறது, அதற்கான காரணம் மட்டும் முழுக்க மாறிவிட்டது. நான் தேடுவது இதைத்தான். தாங்கும் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் காரணத்தை மாற்றுகிற திருப்பம் என்றால் பின்னால் போகலாம். அந்தக் காட்சியே வேண்டாம் என்று ஆக்குகிற திருப்பம் என்றால் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது வேறு நாவல். அதையும் எழுதலாம், தப்பில்லை, ஆனால் அதற்கு வேறு அவுட்லைன், வேறு முதல் அத்தியாயம் வேண்டும் என்று தெரிந்து எழுதுங்கள்.

நீங்கள் எழுதிப் பார்க்கும்போது கல்பனா கையெழுத்துப் போட மறுத்துவிடவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள் என்றால் கட்டாயப்படுத்தி உட்காரவைக்காதீர்கள். அன்றைக்கு நிறுத்திவிட்டு, அவள் விட்டுக்கொடுக்கிற நாவல் வேண்டுமா, மறுக்கிற நாவல் வேண்டுமா என்று ஒரு வாரம் யோசியுங்கள். முதல் 11 அத்தியாயம் எதை நோக்கிப் போகின்றன என்பது அதற்குப் பதில் சொல்லும். நான் படித்தவரை விட்டுக்கொடுப்பதை நோக்கித்தான் போகின்றன, அவள் 3இல் சைக்கிளை விட்டுக்கொடுக்கிற இடம் உட்பட.

20இல் பார்க்க வேண்டியது வேறு. பழைய திட்டப்படி அங்கே சண்டை எட்டுப் பக்கம். இருவரும் மாறிமாறிப் பழைய கதையெல்லாம் பேசுகிறார்கள். திருப்பத்தோடு எழுதும்போது அந்தச் சண்டை சுருங்கினால் நல்ல அறிகுறி. கல்பனா ஒரே ஒரு வாக்கியம், "ஆவணியில எவ்வளவு கட்டின?" என்று கேட்டால் போதும், அவன் வாய் அடைத்துவிடும். அம்மா பக்கத்து அறையில் இருப்பதால் இருவருமே குரலைத் தாழ்த்த வேண்டும். மாறாக, சண்டைக் காட்சி நீண்டுபோய், நடந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் திருப்பம் வேலை செய்யவில்லை, வாசகருக்குத் தகவல் சொல்லத்தான் பயன்படுகிறது.

இப்போது செலவுக் கணக்கு. அவுட்லைனில் 13 முதல் 30 வரை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்கும், மாறும், போகும் என்று எழுதுங்கள். நான் போட்டுப் பார்த்ததில் 14 மாறுகிறது, ஏனென்றால் கல்யாணத்தன்று தங்கை கழுத்தில் அந்தச் சங்கிலி இருக்க வேண்டும், அம்மா கேட்பாள். 15 முதல் 19 வரை கல்பனா தம்பியை முழுசாக நம்பி நடக்கிறாளே, அது எல்லாமே அடிபடுகிறது. பெரும்பாலான பிரதிகள் நொறுங்குவது இங்கேதான். ஒரு பாத்திரத்துக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அவர் காபி ஆற்றுவதுகூடத் தெரிந்தவர் ஆற்றுவதாக இருக்க வேண்டும். எழுத்தாளர் திருப்பத்தை வைத்துக்கொண்டு, அடுத்த நாலு அத்தியாயத்தைப் பழைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார், நாயகி எல்லாவற்றையும் மறந்தவள் போல் சிரித்துக்கொண்டிருப்பாள். வாசகருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, புத்தகத்தை மட்டும் கீழே வைத்துவிடுவார்.

இந்தச் செலவு அதிகம் என்று பட்டால், போவது, அழிப்பது தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. திருப்பத்தை இடம் மாற்றலாம். கடை 12இலேயே இருக்கட்டும், ஆனால் அன்று கடைக்குப் பூட்டு, அல்லது கல்பனா கொண்டுபோன பணம் வட்டிக்குப் போதாமல் வாசலோடு திரும்பிவிடுகிறாள். அந்த வரி 18இல் வரட்டும். 15 முதல் 17 வரை காப்பாற்றப்பட்டுவிடும், சண்டைக்கும் இரண்டு அத்தியாயம் முன்னால்தான் தெரிந்ததாக இருக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் இதை நான் சிபாரிசு செய்யவில்லை. கல்யாணத்துக்கு முன் தெரிந்தால்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தால் அவள் சும்மா இருப்பதற்குக் காரணம் பலவீனமாகிவிடும். இந்தக் கல்யாணம் இல்லாத கதையாக இருந்தால் 18 என்றே சொல்லியிருப்பேன்.

அடுத்த ஆபத்து, இதைத்தான் நான் அதிகம் பார்ப்பது. தம்பி சங்கிலியைத் திருப்பினானே, பிறகு என்ன செய்தான்? உங்கள் குறிப்பில் 12க்கு அடியில் ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள், "வேறு கடையில் கூடுதல் தொகைக்கு வைத்திருப்பானோ? ஏலத்துக்குப் போகும் முன் கல்பனா கண்டுபிடிக்கிறாளா?" என்று. பவுன் விலை ஏறும்போது ஒரு கடையில் திருப்பி இன்னொரு கடையில் அதிகத்துக்கு வைப்பது நடக்கிறதுதான், நம்பும்படியாகவும் இருக்கிறது. அதனாலேயே ஆபத்து. முதல் திருப்பத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டதால் அதன் குட்டிக்கும் கொடுக்க வேண்டும் என்று கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாக அதே தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். சங்கிலியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிற கல்பனா 28ஐ என்ன செய்கிறாள்? ஒன்றும் செய்யவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கையெழுத்துக்கான காரணம் அதேதான், நடுவில் ஆறு அத்தியாயம் பரபரப்பாகப் போகும், அவ்வளவே. மூன்றாவதாக ஒரு குட்டி போடுவதற்குள் நிறுத்திவிடுங்கள். அவன் வேறு கடையில் வைத்தான், மூழ்கிப்போயிற்று என்று 20இல் அவன் வாயாலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் முடிந்தது. இத்தனைக்கும் மர்மக் கதை எழுதுகிறவருக்கு நான் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன், அங்கே தேடல்தான் நாவல்.

அதோடு, திருப்பம் வந்த அன்று மனசில் தோன்றிய விளக்கத்தையும் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. டோல்கீன் தன் மோதிரக் கதையை எழுதும்போது ஒரு விடுதி மூலையில் முக்காடு போட்ட அந்நியன் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான், யாரென்று அவருக்கே தெரியாது. ஆரம்ப வரைவுகளில் அவன் ஹாபிட் என்ற குள்ள இனத்து ஆள், மரக்காலணி போட்டுச் சத்தம் வர நடப்பவன், பெயர் ட்ராட்டர். பிறகுதான் மனிதன் ஆனான், அரச வாரிசு ஆனான், பெயர் மாறியது அதற்கும் அப்புறம். மூலையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது சரி, அவன் யார் என்பதற்கு முதலில் எழுதியது தப்பு. உங்கள் தம்பி ஏன் திருப்பினான் என்பதையும் இப்போதைக்குத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் "சீட்டாட்டக் கடன்" என்று போட்டிருக்கிறீர்கள், அதைக் கேட்டால் எனக்குக் கொட்டாவி வருகிறது. 7ஆம் அத்தியாயத்தில் அவனுக்கு நிச்சயமாகி நின்றுபோன கல்யாணம் ஒன்று இருக்கிறதே, அதைச் சுற்றித் தேடிப் பாருங்கள்.

எழுதிப் பார்த்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் வரியை எடுத்துவிடலாம், ஆனால் அது காட்டிக்கொடுத்ததை எடுக்காதீர்கள். கல்பனாவுக்குத் தம்பி மேல் ஒரு சந்தேகம் உள்ளூர இருக்கிறது, அது உங்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் சங்கிலியைச் சரியாகவே எடுத்துக் கொடுக்கட்டும், அவள் அதை வாங்கி எடை போட்டுப் பார்க்கச் சொல்லட்டும், அதுவே போதும். திட்டம் அப்படியே இருக்கும், 12 மட்டும் வேறு தரத்துக்குப் போய்விடும்.

நாளைக்கு உட்காரும்போது நகல் ஃபைலில் 28இன் அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதுங்கள், அடுத்து 20. இரண்டும் நின்றால் 14க்குப் போய், பந்தி நடக்கும்போது அம்மா சங்கிலியைக் கேட்கிற இடத்தில் கல்பனா என்ன பொய் சொல்கிறாள் என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பொய் கிடைக்கும்வரை 13ஐத் தொட வேண்டாம், கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவள் எதை யோசிக்கிறாள் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. செலோடேப் ஒட்டிய ரசீதில் தேதி தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் மங்கலாக்கிவிடுங்கள். இல்லையென்றால் படித்த பெண் வீட்டிலேயே பார்த்திருப்பாளே என்று முதல் வாசகரே கேட்டுவிடுவார்.